பூம்பாவைக்கு வாய்க்காத பருவம்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் என்றால் மயிலாப்பூருக்கு அறுபத்து மூவர் நினைவுதான். பிற்பகலில் மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று காலையே கபாலீசுவரர் கோயிலில் இன்னொரு நிகழ்ச்சி நடந்து முடிந்துவிடும். குடத்தில் வைத்திருந்த எலும்பையும் சாம்பலையும் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிப் பெண்ணாக்கிய கதையை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி அது. அந்தப் பெண்தான் பூம்பாவை. கோயிலுக்குள் அவளுக்குத் தனிச் சன்னதியும் உண்டு.

கதையை விரிவாகச் சொன்னவர் சேக்கிழார். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் ஏழு வயதில் பூப்பறிக்கப் போகிறாள், பாம்பு தீண்டி இறக்கிறாள். தகப்பன் அவள் சாம்பலைக் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காக்கிறார். ஆண்டுகள் கழித்துச் சம்பந்தர் வந்து பாட, அவள் எழுந்து வருகிறாள். எழுந்தவள் ஏழு வயதுச் சிறுமி அல்லள். பன்னிரண்டு வயது வளர்ச்சியோடு வருகிறாள். குடத்துக்குள் இருந்த காலத்தையும் சேர்த்து வயதைக் கணக்கிட்டிருக்கிறார் புலவர்.

இந்த ஏழும் பன்னிரண்டும் சும்மா வந்த எண்கள் என்று தோன்றவில்லை. தமிழ் இலக்கணம் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரிக்கும்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். நூலுக்கு நூல் வயதுக் கணக்கு கொஞ்சம் மாறினாலும் பரவலாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. ஐந்திலிருந்து ஏழு வரை பேதை, எட்டிலிருந்து பதினொன்று வரை பெதும்பை, பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை. பத்தொன்பது வரை மடந்தை, இருபத்தைந்து வரை அரிவை, முப்பத்தொன்று வரை தெரிவை, நாற்பது வரை பேரிளம்பெண். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், பூம்பாவை பேதையின் கடைசி வயதில் போனாள், மங்கையின் முதல் வயதில் திரும்பினாள். அவள் வாழ்வில் விடுபட்டது பெதும்பைப் பருவம், அது மட்டுமே.

விடுபட்ட அந்தப் பருவம்தான் ஏழிலும் நுட்பமானது. பெதும்பையை ரசிக்க வேண்டுமானால் உலா என்னும் சிற்றிலக்கியத்துக்குப் போக வேண்டும். இறைவனோ மன்னனோ வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவப் பெண்களும் தெருவில் நின்று பார்க்கிறார்கள். சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கயிலாய ஞான உலாவை ஆதியுலா என்பார்கள். பின்னால் ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்கள்மேல் மூன்று உலாக்கள் பாடினார். அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவனி வருபவன் ஒருவன், காண்பவர்களின் வயதுதான் வேறு. ஒரே காட்சி ஏழு வயதில் எப்படிப் படும், இருபதில் எப்படிப் படும், முப்பத்தைந்தில் எப்படிப் படும் என்று கவிஞன் அளந்து காட்டியாக வேண்டும். ஒரு பருவத்தின் வரி இன்னொரு பருவத்துக்குப் பொருந்திவிட்டால் பாட்டு தோற்றது என்று அர்த்தம்.

பேதையைப் பாடுவது ஓரளவு எளிது. அவளுக்குப் பாவையும் கிளியும் மணல்வீடும் போதும். தாய் பார்க்கிறாள், அவளும் பார்க்கிறாள். ஊர் ஏன் இப்படித் தவிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மங்கைக்கும் மடந்தைக்கும் தவிப்பு தெரியும், அதைப் பாட ஆயிரம் உவமைகள் காத்திருக்கின்றன. நடுவில் நிற்கும் பெதும்பைக்குத்தான் இரண்டும் இல்லை. பொம்மையைக் கீழே வைக்கவும் மனமில்லை, அதோடு விளையாடவும் முன்போல் முடியவில்லை. ஏதோ ஒன்று உள்ளே அசைகிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை. உலா ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் பெதும்பைப் பகுதியைப் படித்துப் பார்க்கலாம். புலவரின் தரம் அங்கே தெரிந்துவிடும். மயிலாப்பூர் வீடுகளில் நாலாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவே இருக்கும் பெண்பிள்ளையை இன்று அழைக்க நம்மிடம் ஒரு சொல் கிடையாது. ‘குழந்தை’ என்றால் கோபித்துக்கொள்கிறாள், ‘பெரிய பொண்ணு’ என்றால் அம்மா பதறுகிறாள்.

அரிவைக்கும் தெரிவைக்கும் வேறுபாடு சொல்லச் சொன்னால் தமிழ் படித்தவர்களே தடுமாறுவார்கள். வயதெல்லையைத் தவிர அந்தச் சொற்கள் தனித்தனியாகக் காட்டும் படம் மங்கிவிட்டது. பேரிளம்பெண் அப்படி இல்லை. பெரியவள், ஆனாலும் இளையவள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, முப்பதைத் தாண்டியவளிடமிருந்து இளமையைப் பறிக்காமல் விடுகிறது அந்தச் சொல். அதற்காகவே அதை இன்னும் புழங்கலாம். ஆனால் பட்டியல் அதோடு நின்றுவிடுகிறது. நாற்பத்தொன்றாம் வயதுக்காரிக்குப் பெயர் இல்லை. பவனி வரும் ஆணின்மேல் காதல் கொள்ளத்தக்கவர் யார் என்ற ஒரே கேள்வியிலிருந்து பிறந்த பகுப்பு இது. அந்தக் கேள்வி முடிந்த இடத்தில் சொல்லும் முடிந்துபோயிற்று. இத்தனை நுட்பம் கொண்ட பகுப்புக்கு இது பெரிய குறை.

ஆண்களுக்கும் பாட்டியல் நூல்கள் பாலன், மீளி, விடலை, காளை என்று பெயர் கொடுத்தன. அவை வழக்கில் ஊன்றவில்லை. விடலை மட்டும் தப்பிப் பிழைத்தது, அதுவும் தரம் இறங்கி. அகப்பாடல்களில் காதலியை அழைத்துக்கொண்டு பாலை நிலத்தைக் கடக்கும் தலைவன் விடலை. இன்று ‘விடலைப் பசங்க’ என்றால் தெருமுனையில் பைக்கைச் சாய்த்து நிற்பவர்கள்.

வயதைப் பிரிப்பதில் தமிழ் காட்டிய உச்சத் திறமை தொட்டில் பக்கம்தான் இருக்கிறது. பிள்ளைத்தமிழ் குழந்தையின் முதல் இரண்டு வயதுக்குள்ளேயே பத்துப் பருவங்களைக் காண்கிறது. மூன்றாம் மாதம் காப்பு. தெய்வங்களே, இந்தப் பிள்ளையைக் காத்தருளுங்கள் என்று பெரியவர்கள் வேண்டுகிறார்கள். ஐந்தில் செங்கீரை. ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி முகத்தை அசைத்தாடும் நிலை அது. இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை உறுப்புகளின் நிலை அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி. அதன்பின் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பிரியும்.

சப்பாணியை எடுத்துக்கொள்வோம். பாணி என்றால் கை. சப்பாணி கொட்டுதல் என்பது இரு கையையும் சேர்த்துத் தட்டுவது. கையைத் தட்ட வேண்டுமானால் அது ஊன்றுகோலாக இருக்கக் கூடாது, அதாவது குழந்தை துணையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்தாம் மாதச் செங்கீரையில் தரையில் இருந்த கை, ஒன்பதாம் மாதச் சப்பாணியில் விடுதலை பெறுகிறது. அடையாற்றில் எந்தக் குழந்தை மருத்துவரிடம் போனாலும் ஒன்பதாம் மாதத்தில் ‘தானா உக்காருதா?’ என்றுதான் கேட்பார். வருகைப் பருவத்தில் குழந்தை எழுந்து நடந்து வர வேண்டும். பதின்மூன்றாம் மாதக் கணக்கும் இன்றைய அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. முதல் பருவத்தில் எல்லாம் மற்றவர் செய்கிறார்கள், குழந்தை கிடக்கிறது. கடைசியில் அதுவே தேர் உருட்டுகிறது. இந்த நகர்வைப் பருவத்துக்குப் பத்துப் பாடல் வீதம் விரிப்பதுதான் பிள்ளைத்தமிழின் கட்டுக்கோப்பு. பூம்பாவைக்கு வயது கணக்கிட்ட சேக்கிழாரையே குழந்தையாக்கி, உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்.

இந்தச் சொற்களுக்கும் தேய்மானம் உண்டு. சப்பாணி என்றதும் இப்போது கால் வராதவர் நினைவுதான் பலருக்கு வரும். 1977-ல் வந்த ‘16 வயதினிலே’ அந்தப் பொருளை இன்னும் அழுத்திவிட்டது. ஆனால் பேச்சு புதிதாகப் பார்த்துச் சொற்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பிறந்து சில நாளே ஆனது பச்சைக் குழந்தை, இடுப்பை விட்டு இறங்காதது கைக்குழந்தை. பிறகு அது குப்புறப்படுகிறது, தவழ்கிறது, தத்தித் தத்தி நடக்கிறது. அடுத்து வாண்டு, பொடிசு.

குழந்தை ‘அழுகிறது’, வாண்டு ‘ஓடுகிறது’ என்றுதான் சொல்கிறோம், வினை அஃறிணை. பையன், பெண் என்று ஆனபிறகு உயர்திணைக்கு ஏறுகிறார்கள். முதுமையில் மரியாதைச் சொல் எல்லாம் உயர்திணையில் நிற்க, கொச்சைச் சொல் மறுபடி அஃறிணைக்கு இறங்குகிறது. ‘கிழம் என்ன சொல்லுது?’, ‘பெருசு வந்துடுச்சு’ என்பவை அப்படிப்பட்டவை. சென்னைப் பேச்சில் பெருசு சில வாயில் செல்லமும்கூட. கிழம் அப்படி ஒருபோதும் இல்லை, அது கேட்பவரைக் காயப்படுத்தும் சொல்.

இத்தனைக்கும் அந்த வேர் உயர்ந்த குடியில் பிறந்தது. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்றால் அகத்திணையின் தலைவனும் தலைவியும். கிழமை என்றால் உரிமை. கோவூர்கிழார் என்ற சங்கப் புலவரின் பெயரில் இருப்பதும் அந்த உரிமைதான், வயது அல்ல. காதலனைக் குறித்த சொல் தாத்தாவைக் குறிக்க வந்தது எப்படி என்பதற்கு, உடைமைக்கு உரியவர் வீட்டின் மூத்தவர் என்ற குடும்ப ஏற்பாட்டில் விடை இருக்கலாம். உரிமை கழன்று, வயது மட்டும் மிஞ்சிவிட்டது.

முதுமைக்குள் படிகளை வகுத்தது இலக்கணம் அல்ல, சடங்கு. மயிலாப்பூரில் அச்சாகும் அழைப்பிதழ்களில் அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி அல்லது மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டி ஆயிரம் பிறை கண்டால் சதாபிஷேகம். இவை விழாவுக்குப் பெயர்கள், ஆளுக்கு அல்ல. எழுபது வயதுக்காரரையும் எண்பத்தைந்து வயதுக்காரரையும் ஒரே ‘பெரியவர்’தான் சுமக்கிறது. நரை, திரை, மூப்பு என்ற பழைய வரிசை இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. முடி முதலில் வெளுக்கிறது, தோல் பிறகு சுருங்குகிறது, அதற்கும் பின்னால்தான் உடல் தளர்கிறது என்று பிரித்துக் காட்டுகிறது. செங்கீரையைப் போலவே உடம்பைப் பார்த்துச் செய்த பகுப்பு.

நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைத் தியாகராய நகரின் கடைத்தெரு தன் வழியில் நிரப்பிக்கொண்டது. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் விற்பவர்கள் யாரையும் வயது கேட்பதில்லை. முகத்தைப் பார்த்து உறவு வைக்கிறார்கள். ‘பாப்பா’ ஒருநாள் ‘அக்கா’ ஆகும். ‘தம்பி’ ‘அண்ணா’ ஆகி ‘சார்’ ஆகும். நடுவயதில் ஒரு நாள் ‘அக்கா, வாங்க’ என்பது ‘அம்மா, வாங்க’ என்று மாறுகிறது. அந்தத் திருப்பம் ஒவ்வொரு பெண்ணுக்கும் நினைவிருக்கும். கைப்பிடித்துப் படியிறங்க வேண்டிய வயது வந்ததும் ‘பாட்டிம்மா, பாத்து’ என்கிறார் பூக்காரம்மா, மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே.