எடையைத் தானே ஏற்றும் தாள்

கொட்டகலையில் பளுதூக்கிப் பழகும் ஒரு தம்பியின் போனில் உள்ள விரிதாள் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தூக்கிய எடை, எத்தனை தடவை, எவ்வளவு கஷ்டம் என்ற மூன்றை மட்டும் அவர் B, C, D நிரல்களில் எழுதுகிறார். அடுத்த நாளின் எடையைத் தாளே சொல்கிறது.

கஷ்டத்துக்கு 10 வரை மதிப்பெண். 10 என்றால் இனி ஒரு தடவைகூட முடியாது. 8 என்றால் இன்னும் 2 தடவை முடியும். அவருடைய இலக்கு 5 தடவை, கஷ்டம் 8.

```
=IF(D2="","",MROUND(B2*(1+(C2+10-D2)/30)/(1+7/30),2.5))
```

60 கிலோவை 5 தடவை தூக்கி 7 என்று எழுதினால், 8 தடவை தூக்கும் பலம் இருந்ததாகக் கணக்கு. ஒரே தடவை தூக்கக்கூடிய உச்சம் 76 கிலோ என்று எப்லி சூத்திரம் மதிப்பிடுகிறது. அதிலிருந்து அடுத்த எடை 62.5 கிலோ.

முந்தின நாள் மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கால் களைத்திருந்தால் அதே 60 கிலோவுக்கு 9 விழும், தாள் 57.5க்கு இறங்கிவிடும். ஏறுவதைப் போலவே இறங்கவும் தெரிந்திருப்பதுதான் இதன் அழகு.

தொடக்கத்தில் வரும் IF மிக முக்கியம். அது இல்லாமல் கஷ்டக் கட்டம் காலியாக இருந்தால், தாள் அதைச் சுழியமாக எடுத்து 72.5 கிலோ ஏற்றச் சொல்லும். 10 தடவைக்கு மேல் போனால் சூத்திரத்தின் மதிப்பீடும் தளர்ந்துவிடும். மதிப்பெண்ணை நேர்மையாகப் போடுவது மட்டும் தூக்குபவர் பொறுப்பு.