வரிசையில் வந்த தரவும் அச்சு உறுப்பின் தேர்வும்

டோனி ஹோர் வகுத்து 1961-இல் வெளியிட்ட குவிக்சார்ட் என்னும் வரிசையாக்க முறையின் உயிர்நிலை, பிரிப்பு எனப்படும் அதன் ஒரே படியில் அடங்கியிருக்கிறது. எண்களின் பட்டியலிலிருந்து ஒன்றை அச்சு உறுப்பாகக் கொண்டு, அதைவிடச் சிறியவற்றை இடப்புறமும் பெரியவற்றை வலப்புறமும் ஒதுக்கினால், அச்சு உறுப்பு தன் இறுதி இடத்தில் அமர்ந்துவிடுகிறது. பின்னர் இரு புறங்களுக்கும் இதே படி தனித்தனியே திரும்பச் செய்யப்படுகிறது. வேறொரு பட்டியலின் துணையின்றி, இருந்த இடத்திலேயே உறுப்புகளை மாற்றி முடிப்பது இதன் பெருஞ்சிறப்பு.

ஆனால் இரு புறங்களும் ஓரளவேனும் சமமாகப் பிரிந்தால்தான் இம்முறை விரைவாக முடியும். நிக்கோ லொமுட்டோவின் பெயரால் வழங்கும் எளிய பிரிப்பில் கடைசி உறுப்பே அச்சாகக் கொள்ளப்படுகிறது. 3, 5, 8, 11, 14 என ஏற்கெனவே வரிசையிலுள்ள பட்டியலை அதனிடம் கொடுத்தால், 14 மற்ற நான்குடனும் ஒப்பிடப்பட்டு, நான்கும் இடப்புறமே நிற்க, வலப்புறம் வெறுமையாகிறது. அடுத்து 11 மூன்றுடனும், 8 இரண்டுடனும், 5 ஒன்றுடனும் ஒப்பிடப்பட, ஐந்து எண்களுக்கு நிகழக்கூடிய பத்து இணை ஒப்பீடுகளும் ஒன்றுவிடாமல் நடந்தேறுகின்றன. பட்டியலைப் பாதியாகப் பிளக்க வேண்டிய படி, ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பை மட்டுமே கழிக்கிறது.

ஐந்து எண்களில் இது பொருட்டல்ல. ஒரு லட்சம் எண்கள் தாறுமாறாகக் கலந்திருக்கும்போது சராசரியாக ஏறத்தாழ 20 லட்சம் ஒப்பீடுகளே தேவைப்பட, அதே எண்கள் வரிசையில் வந்தால் n(n-1)/2 என்ற கணக்கின்படி ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் தேவைப்படுகின்றன. அழைப்புக்குள் அழைப்பாக ஒரு லட்சம் நிலைகள் அடுக்கப்படுவதால், விடை வருமுன்பே நினைவக அடுக்கு நிரம்பி நிரல் முறிந்துவிடவும் கூடும். கலைந்த தரவில் நொடியில் முடியும் நிரல் வரிசையான தரவில் திணறுவதே இக்குறையை இனங்காட்டும் அடையாளம். நடைமுறையில் பட்டியல்கள் பெரும்பாலும் முன்பே வரிசைப்படுத்தப்பட்டவையாகவோ, இறுதியில் சில பதிவுகள் மட்டும் சேர்ந்தவையாகவோ வருவதால், இதை அரிதான விபத்தென்று ஒதுக்கிவிட முடியாது.

குற்றம் பிரிப்பினுடையதன்று, அச்சு உறுப்பை நிலையான ஓரிடத்திலிருந்து எடுக்கும் வழக்கத்தினுடையது. நடு உறுப்பை எடுத்தால் வரிசையான பட்டியல் சரிபாதியாகப் பிரியும் என்றாலும், அதையும் தடுமாறச் செய்யும் வேறொரு வரிசையை அமைத்துவிட முடியும். பிரிப்புக்கு முன் பின்வரும் இரு வரிகளைச் சேர்த்து, அச்சு உறுப்பைக் குலுக்கலில் தேர்வதே இதைவிடத் தக்கது.

```
k = random.randint(lo, hi)
a[k], a[hi] = a[hi], a[k]
```

இதனால் மோசமான நிலை முற்றிலும் மறைவதில்லை. தரவு வந்த வரிசையோடு அதற்கிருந்த தொடர்பு மட்டுமே அறுபடுகிறது. எண்கள் அனைத்தும் சமமாக இருந்தால், எதை எடுத்தாலும் லொமுட்டோ பிரிப்பு பழையபடி ஒருபுறமே சாயும் என்பதால், அங்கே பிரிப்பையே மாற்ற வேண்டும். கடைசி உறுப்பை அச்சாக்குவது கற்பிப்பதற்கு எளியது என்பதைத் தவிர அவ்வழக்கத்துக்கு வேறு நியாயம் இல்லை. 1961-இல் வெளியான ஹோரின் மூல நிரலே அச்சு உறுப்பைக் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுத்தது.