கேள்வியில் முடியும் கவிதை

குறுந்தொகையின் 40ஆம் பாடலைக் கல்யாணப் பத்திரிகைகளில் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டோம். பெண் கேட்கப் போகிறவர்களும் அதையே கையில் எடுக்கிறார்கள். ஐந்தே அடி; நிலவும் இல்லை, தேனும் இல்லை. நம் இரு வீட்டாருக்கும் ஓர் உறவும் இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறது. அந்த நேர்மைதான் அதை இன்னும் நிற்கவைத்திருக்கிறது. ஆனால் துறைக் குறிப்பைப் பாருங்கள்: கூடியபின் இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியைத் தேற்றத் தலைவன் சொன்னது. அங்கே நெஞ்சங்கள் கலந்தாயிற்று. கல்யாணத்துக்குக் கேட்கிறவனுக்கோ இன்னும் பதிலே வரவில்லை. அவன் அதைச் சொன்னால், கேட்காமலே முடிவை அறிவித்ததாகிவிடும்.

நண்பன் ஒருவன் சொந்தமாகவே எழுதிக் கொண்டுவந்தான். ஏழு பிறவி, பௌர்ணமி என்று பதினான்கு வரி. பெயரை மாற்றினால் எந்தப் பெண்ணுக்கும் கொடுக்கலாம். "அவளப் பத்தி ஒண்ணு சொல்லுடா" என்றேன். "பஸ்ஸுல ஜன்னல் சீட்ட எனக்குக் குடுப்பா. அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும்" என்றான். பதினான்கு வரியையும் ஓரங்கட்டிவிட்டு அங்கிருந்து தொடங்கினோம்.

ஜன்னல் சீட்டைத் தந்துவிட்டுச்
சிரிக்கிறாய், வெயில் என் பக்கம்.
கோபம் வந்தால் இரண்டு நாள்
பேசமாட்டேன், உனக்கே தெரியும்.
மூன்றாம் நாள் காலையில்
உன்னிடம்தான் வந்து நிற்கிறேன்.
இனி ஒரே வீட்டிலிருந்து
பஸ் ஏறலாமா?

நான்காம் வரியில் முதலில் 'பொறுத்துக்கொள்' என்று இருந்தது. குறையை ஒப்புக்கொள்ளும்போதே மன்னிப்பையும் வசூலிக்கிற சொல் அது, எடுத்துவிட்டோம். 'என்றும் வந்து நிற்பேன்' என்பதை 'நிற்கிறேன்' ஆக்கினோம். இதுவரை நடந்ததற்கு அவளே சாட்சி. 'என்றும்' என்பதற்கு யார் சாட்சி? கடைசி வரியில் அவன் 'ஏறுவோம்' என்றுதான் எழுதியிருந்தான். 'ஏறலாமா' என்றால்தான் அவள் வேண்டாம் என்று சொல்ல இடமிருக்கும். நண்பர்களைச் சுற்றி நிறுத்தி, கேமராவை ஓடவிட்டுக் கொடுத்தால் அந்த இடமும் போய்விடும்.

இந்த வகைக் கவிதைக்கு ஒரு கள்ளத்தனமும் உண்டு. கோபம், மறதி மாதிரி ரசிக்கத்தக்க குறைகளை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு நேர்மைக்குப் பேர் வாங்கிவிடும். இவனுக்குத் தங்கை கல்யாணக் கடன் இருந்தது. எட்டு வரியில் அதற்கு இடமில்லை. இருந்தாலும் வைக்கக் கூடாது. அவள் பதிலையே மாற்றக்கூடிய விஷயத்தைச் சந்தத்துக்குள் செருகினால், உருக்கத்தில் அது கரைந்துபோகும். கணக்கைக் கணக்காகவே முதலில் பேசிவிடச் சொன்னேன். டீக்கடையில் தொகையையும் தவணையையும் சொல்லியிருக்கிறான். ஒரு வாரம் கழித்துத்தான் கவிதையை நாலாக மடித்துக் கொடுத்தான்.

படித்துவிட்டு, அவள் பேனா கேட்டாளாம். 'இரண்டு' என்பதை அடித்து, மேலே 'நான்கு' என்று எழுதியிருக்கிறாள்.