மணிக்கா, ஏக்கருக்கா?

மணிக்கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டறைத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை. மணிக்கூலியில் வேலை இழுத்தால் நஷ்டம் முதலாளிக்கு. பீஸ் ரேட்டில் இழுத்தால் தொழிலாளிக்கு. நெல் அறுக்கும் எந்திரத்தைத் தமிழ்நாட்டில் மணிக்கணக்கிலும் இலங்கையில் ஏக்கர் கணக்கிலும் பேசுவதற்குள் இருப்பதும் இதே வித்தியாசம்தான்.

தஞ்சை, திருவாரூர் பக்கம் சம்பா அறுவடைக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வண்டிகள் வந்து இறங்கும். காய்ந்த நிலத்துக்கு டயர் வண்டி, ஈர நிலத்துக்குச் செயின் வண்டி. வாடகையில் டிரைவரும் டீசலும் சேர்ந்தே வரும். டிரைவருக்குச் சாப்பாடு, படி யார் பொறுப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும். வேளாண்மைப் பொறியியல் துறை கொடுக்கும் வண்டிக்கும் மணிக்கணக்குத்தான். சில ஆண்டுகளுக்கு முன் அத்துறை டிராக்டருக்கு மணிக்கு 500 ரூபாயும், செயின் வகை அறுவடை எந்திரத்துக்கு 1,880 ரூபாயும் வாங்கியது. தனியாரிடம் அதைவிடக் கூடுதல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனியார் செயின் வண்டிக்கு மணிக்கு 2,500 ரூபாய் பேசியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து நிற்கும் பயிரென்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மழையில் சாய்ந்து சேற்றில் கிடந்தால் அதே ஏக்கருக்கு இரண்டு மணி நேரம், 5,000 ரூபாய். மகசூல் குறைந்த வருடத்தில்தான் வாடகை இரட்டிப்பாகிறது. மழையின் நஷ்டத்தை உழவர் இரண்டு தரம் சுமக்கிறார்.

கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ ‘வெட்டு மெசின்’ பிடிப்பவர் ஏக்கருக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார். மெசின் ஊர்ந்து போனால் கூடுதலாக எரியும் டீசல் மெசின்காரருடையது. அவரும் ஏமாளி இல்லை. வயலைப் பார்த்துவிட்டு, படுத்த வெள்ளாமைக்குத் தனி விலை சொல்வார், அல்லது பக்கத்து வயலுக்குப் போய்விடுவார். ஆனால் அந்தப் பேரம் மெசின் இறங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மணிக்கணக்கில் தொகை தெரிவது கடைசியில்தான்.

இந்த ஏற்பாட்டை உலுக்கியது 2022. இலங்கையில் 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும். டீசலை உள்ளடக்கிப் பேசிய ஏக்கர் விலை அந்த நிலையில் எப்படி நிற்கும்? சிறுபோக அறுவடைக்கு எரிபொருள் பெறக் கமநல சேவை நிலையங்களை நம்ப வேண்டியிருந்தது. வாடகைக்குள் மறைந்திருந்த டீசல் அன்று தனிப் பேச்சாக வெளியே வந்தது.

பழுதுக்கு வருவோம். பெல்ட் அறுந்து வண்டி நின்றால் மணி ஓடக்கூடாது என்பது பொதுவான வழக்கம். சண்டை வருவது எஞ்சின் ஓடிக்கொண்டே வேலை நிற்கும் நேரத்தில்: வைக்கோல் அடைப்பை எடுப்பது, நெல்லைக் கொட்ட டிராக்டருக்குக் காத்திருப்பது. வண்டியிலுள்ள மணி மீட்டர் இதைப் பிரித்துக் காட்டாது. பழைய மீட்டர்கள் எஞ்சின் சுற்றைக் கணக்கிடுபவை. வேகம் குறைந்தால் மெதுவாக நகரும். மின்னணு மீட்டருக்கு எஞ்சின் ஓடினால் போதும். ஆகவே இறங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் உழவரே குறித்துக்கொள்வதுதான் வழி.

கத்தியில் கல்லோ இரும்போ சிக்கி உடைந்தால்? தேய்ந்து உடைந்தது வண்டிக்காரர் செலவு. வயலில் புதைந்திருந்த கம்பியைச் சொல்லாமல் விட்டது உழவர் பிழை. நியாயம் இவ்வளவுதான். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாததால், உடைந்த பிறகு குரல் பெரியவர் வெல்கிறார். வரப்பு உடைந்தாலும், போர்வெல் குழாய் நசுங்கினாலும் இதே கதி.

ஏக்கர் கணக்குக்கும் ஒரு கள்ளம் உண்டு. விரைவில் முடித்தால் மெசின்காரருக்கு லாபம். அதனால் வேகம் கூடும், மூலைகள் விடுபடும், நெல் வைக்கோலோடு பின்னால் போய்விழும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. மெசின் போன தடத்தில் ஒரு சதுர மீற்றர் அளந்து, வைக்கோலை உதறிவிட்டு, கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். ஆயிரம் நெல்மணி சுமார் 22 கிராம். 500 மணி கிடந்தால், வயல் முழுக்க அப்படியே இருக்குமானால், ஏக்கருக்கு 45 கிலோ போயிற்று. அறுப்பதற்கு முன்பே தானாக உதிர்ந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதை முதல் சுற்றிலேயே செய்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். ஏக்கர் என்பது உறுதியில் உள்ள ஏக்கரா, அளந்த ஏக்கரா என்பதும் முன்கூட்டிப் பேசவேண்டியதே.

என் தீர்ப்பு: நிமிர்ந்த பயிர், காய்ந்த நிலம், பெரிய வயல் என்றால் மணிக்கணக்கு உழவருக்குக் கட்டும். சேறும் சாய்ந்த பயிருமாக இருந்தால், டெல்டாவிலும் ஏக்கருக்கே பேசிப் பாருங்கள். வண்டிக்காரர் மறுத்தால், கணக்கு அவருக்கும் தெரியும் என்று பொருள்.