27 ஆண்டு ஓடும் என்கிற கணக்கு

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடத்தை ஒட்டியது பழையசீவரம். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே அதிகம் என்பதால், இங்கே நீரின் உண்மையான நிலவரம் கிணறுகளுக்குள்தான் இருக்கிறது. தேசிய நீரியல் திட்டம் 2016இல் வந்த பிறகு, நிலத்தடி நீர்மட்டத்தைத் தானே அளந்து அனுப்பும் கருவிகள் நாட்டின் பல கண்காணிப்புக் கிணறுகளில் இறங்கியிருக்கின்றன. அப்படியொரு கருவியைப் பழையசீவரத்துக் கரையோரக் கிணறு ஒன்றில் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். கிணற்றுக்கு மின்இணைப்பு கிடையாது. சோலார் தகடு வைத்தால் களவு போகலாம். ஆகவே டபுள்-ஏ அளவிலான லித்தியம் தயோனில் குளோரைடு செல் ஒன்றுதான் அதற்குச் சாப்பாடு. அது எத்தனை ஆண்டு ஓடும்? இதற்கு எல்லோரும் போடுகிற ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கே கேள்வி.

கணக்கு இது:

```
I_avg = I_active × D + I_sleep × (1 − D)
ஆயுள் (மணி) = செல்லின் கொள்ளளவு (mAh) ÷ I_avg (mA)
```

கருவி பெரும்பாலான நேரம் உறங்குகிறது, இடையிடையே விழித்து வேலை செய்கிறது. விழித்திருக்கும் நேரத்தின் பங்குதான் D, அதாவது டியூட்டி சைக்கிள். கூட்டல் பெருக்கலில் எந்தப் பிழையும் இல்லை. சிக்கல் தொடங்குவது அதற்குள் போடும் எண்களில்.

முதலில் I_active. நம் கருவி 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கிறது. நீர்மட்ட உணரிக்கு அரை நொடி மின்சாரம் கொடுக்கிறது, அப்போது 6 மில்லியாம்பியர். பிறகு லோரா ரேடியோவில் செய்தியை அனுப்புகிறது, அப்போது 40 மில்லியாம்பியர், 0.06 நொடி. அதன்பின் கேட்வேயிலிருந்து பதில் வருமா என்று இரண்டு முறை காது கொடுக்கிறது. முதல் முறை அனுப்பி ஒரு நொடி கழித்து, அடுத்தது இரண்டு நொடி கழித்து. அந்த இரண்டு சிறு இடைவெளிகளிலும் சேர்த்து 0.14 நொடி, 11 மில்லியாம்பியர். மொத்தத்தில் விழிப்பு 2.6 நொடி நீள்கிறது. இதில் எதை ‘விழிப்பு மின்னோட்டம்’ என்பது? பலரும் இருப்பதிலேயே பெரிய எண்ணான 40ஐ எடுத்து 2.6 நொடி முழுவதற்கும் பெருக்கிவிடுகிறார்கள். உறக்கத்துக்கு 3 மைக்ரோஆம்பியர் வைத்து, 2600 மில்லியாம்பியர்-மணி செல்லைப் போட்டால் இரண்டரை ஆண்டு என்று விடை வரும்.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே, மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் ஒரு விழிப்புக்கு ஏறத்தாழ 7 மில்லிகூலும் மட்டுமே செலவு. காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் நுண்கட்டுப்படுத்தி உறங்கிக்கொள்கிறது என்பது இதற்கு நிபந்தனை. 7 மில்லிகூலுமை 900 நொடிக்குப் பகிர்ந்தால் 7.8 மைக்ரோஆம்பியர். உறக்கத்தின் 3 மைக்ரோஆம்பியரையும் சேர்த்தால் 10.8. விடை 27 ஆண்டு! கருவி அதே, சூத்திரமும் அதே, விடைகளுக்கு இடையில் பத்து மடங்குக்கு மேல் தூரம். எனவே I_active என்ற ஒற்றை எண்ணைக் கேட்கும் வடிவத்தையே நான் ஏற்பதில்லை. ஒரு விழிப்புக்கு எத்தனை மில்லிகூலும் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

சரியான கேள்வி கேட்டதால் 27 ஆண்டு உண்மையாகிவிடாது. அந்த 3 மைக்ரோஆம்பியர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நுண்கட்டுப்படுத்தி, ரேடியோ, மின்னழுத்தச் சீராக்கி ஆகிய ஒவ்வொன்றின் டேட்டாஷீட்டிலும் உறக்க எண்ணைப் பொறுக்கிக் கூட்டியது அது. சில்லு உறங்குவது வேறு, பலகை உறங்குவது வேறு. செல்லின் மின்னழுத்தத்தை அளக்க என்று இரண்டு 100 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக வைப்பது வழக்கம். 3.6 வோல்ட்டில் அந்தப் பாதை வழியே இரவும் பகலும் 18 மைக்ரோஆம்பியர் ஓடும், சில்லுகள் எல்லாம் சேர்ந்து குடிப்பதைப்போல ஆறு மடங்கு. அந்த இரண்டு மின்தடைகளால் மட்டும் 27 ஆண்டு பத்தாண்டாகச் சுருங்கும். உணரியின் இணைப்புக் கம்பியை மேலிழுக்கும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருந்து, உறங்கும்போது நிரல் அந்தக் காலைத் தாழ்நிலையில் விட்டுவிட்டால் 330 மைக்ரோஆம்பியர் ஓடும். அப்போது கருவி ஓராண்டைக்கூடத் தாண்டாது. சந்தையில் கிடைக்கும் மலிவான சோதனைப் பலகைகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 சீராக்கியோ தானே 5 மில்லியாம்பியர் அளவுக்கு உண்ணும். அந்தப் பலகையில் அமர்ந்திருக்கும் சில்லு எவ்வளவு ஆழமாக உறங்கினாலும் மூன்று வாரத்தில் செல் காலி.

ஆகவே உறக்க மின்னோட்டத்தைக் கூட்டிப் பார்ப்பது போதாது, முழுப் பலகையில் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றும். மைக்ரோஆம்பியர் வரம்பில் வைத்தால் மீட்டரின் உள்தடை காரணமாக, கருவி செய்தி அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து பலகை மீண்டும் தொடங்கிவிடும். மில்லியாம்பியர் வரம்பில் வைத்தால் உறக்கமே கண்ணுக்குத் தெரியாது. இதற்கென்றே விற்கும் கருவிகள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் ஒரு மின்தேக்கியும் கைக்கடிகாரமும் போதும். கருவி உறங்கியதும் செல்லைக் கழற்றிவிட்டு, 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றிலிருந்து அதை ஓடவிடுங்கள். மின்னழுத்தம் 3.6இலிருந்து 3.3 வோல்ட்டுக்கு இறங்க எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனால் உறக்கம் 3 மைக்ரோஆம்பியர். ஒரு நிமிடத்தை ஒட்டியே இறங்கிவிட்டால் 21 மைக்ரோஆம்பியர், எங்கோ ஒரு மின்தடை ஒழுகுகிறது. மின்தேக்கிக்கே சொந்தக் கசிவு உண்டு என்பதால், பலகை இல்லாமல் அதைத் தனியாக ஒருமுறை பார்த்துக் கழித்துவிடுவது அவசியம்.

அளந்தபின் உறக்க எண் உறுதியாகிவிடும். ஆனால் விழிப்புச் செலவு உறுதியாகாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது கருவி மட்டுமல்ல, இடமும்தான். பழையசீவரத்தில் நரசிம்மர் கோயில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. கேட்வே குன்றுக்கு ஒருபுறமும் கிணறு மறுபுறமும் அமைந்தால் சமிக்ஞை நலிந்துபோகும். நலிந்த இடத்தில் லோரா மெதுவாகப் பேசும். நான் மேலே சொன்ன 0.06 நொடி, இருப்பதிலேயே வேகமான எஸ்.எஃப். 7 என்ற நிலைக்கு உரியது. அதே 12 பைட் செய்தி எஸ்.எஃப். 10இல் 0.41 நொடி எடுக்கும், எஸ்.எஃப். 12இல் ஒன்றரை நொடி. ஒரு விழிப்பின் செலவு 7 மில்லிகூலுமிலிருந்து ஏறத்தாழ 65க்கு ஏறும். உறக்கம் 3 மைக்ரோஆம்பியராகவே இருந்தாலும் 27 ஆண்டு நான்காண்டாகிவிடும். டேட்டாஷீட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஒரு குன்று குறுக்கே வந்தது, அவ்வளவுதான்.

இந்த நிலை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. லோராவானில் தகவமைவு முறை இயங்கும்போது, கேட்வேயிலிருந்து பதில் எதுவும் வராமல் 64 செய்திகள் போனால் கருவி பதில் கேட்கத் தொடங்கும். மேலும் 32 செய்திகளுக்கும் மௌனம் என்றால் முதலில் அனுப்பும் திறனைக் கூட்டும். பிறகு ஒவ்வொரு 32 செய்திக்கும் ஒரு படி மெதுவாகும். 15 நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் 96 செய்தி சரியாக ஒரு நாள். புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து கேட்வே மூன்று நாள் இருளில் கிடந்தால், எஸ்.எஃப். 7இல் இருந்த கருவி யாரும் கேட்காத செய்தியை அதிகபட்ச விலை கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும். D என்பது வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கும் மாறிலி என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. களத்தில் அதில் பாதி கேட்வேயின் கையில் இருக்கிறது.

மூன்றாவது, செல். 2600 என்பது 20 டிகிரி வெப்பத்தில், 2 மில்லியாம்பியர் சீராக எடுத்தபோது தயாரிப்பாளர் கண்ட எண். அந்த வெப்பநிலையிலேயே ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வரை செல் தானாகக் கரையும். ஒரு விழுக்காடு என்பது கேட்க அற்பமாக இருக்கும். மின்னோட்டமாக மாற்றிப் பாருங்கள்: 3 மைக்ரோஆம்பியர், பலகையின் உறக்கத்துக்கு இணை. அக்னி நட்சத்திர வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் இது இன்னும் கூடும். இந்த வகைச் செல்லில் இன்னொரு குணமும் உண்டு. நீண்ட நேரம் சும்மா இருந்தால், சூட்டில் இன்னும் விரைவாக, லித்தியத்தின்மேல் ஒரு படலம் படியும். செல்லின் ஆயுளைக் காப்பது அந்தப் படலம்தான், ஆனால் திடீரென 40 மில்லியாம்பியர் கேட்கும்போது மின்னழுத்தத்தைச் சரியவிடுவதும் அதுவே. பலகை அணைந்து மீண்டும் தொடங்கும், வலையமைப்பில் சேர மறுபடி விண்ணப்பிக்கும், அதில் மீண்டும் அணையும். பக்கத்தில் ஒரு மின்தேக்கி வைத்தால் தீரும். அதன் கசிவையும் கணக்கில் எழுத வேண்டும். செல் தீர்ந்துவருவதை முன்கூட்டியே மின்னழுத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கடைசிவரை அது 3.6 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். எந்த எஸ்.எஃப்.இல் எத்தனை முறை அனுப்பியது என்று நிரலே எண்ணி அனுப்புவதுதான் எளிய வழி.

இப்போது நேர்மையான எண்களைப் போடுவோம். அளந்த உறக்கம் 6 மைக்ரோஆம்பியர், செல்லின் கரைதல் 6, பயன்படும் கொள்ளளவு எண்பது விழுக்காடு. எஸ்.எஃப். 10இல் ஆறரை ஆண்டு, எஸ்.எஃப். 12இல் மூன்றாண்டுக்கும் குறைவு. இந்த வீச்சுதான் விடை, ஒற்றை எண் அல்ல. எனவே ஆயுளை முன்னறிவிக்கும் கருவியாக இந்தச் சூத்திரத்தை நான் ஏற்க மாட்டேன். விலைப்புள்ளியில் ‘10 ஆண்டு’ என்று மட்டும் எழுதி, எந்த எஸ்.எஃப்., எத்தனை நிமிட இடைவெளி, எந்த வெப்பம் என்று சொல்லாத வாக்குறுதியைத் தள்ளிவிடலாம்.

ஆனால் இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிட இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியாது. கிணற்று நீர்மட்டத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அறிய வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மணிக்கு ஒருமுறை என்று மாற்றிப் பாருங்கள். மோசமான எஸ்.எஃப். 12இலும், மேலே சொன்ன எல்லாக் கழிவுகளோடும், ஏழரை ஆண்டுக்கு மேல் வருகிறது. 96 செய்தி போக நான்கு நாள் ஆகும் என்பதால் மூன்று நாள் மின்வெட்டு கருவியை மெதுவாக்கவும் செய்யாது. எஸ்.எஃப். 10இலோ கணக்கு 13 ஆண்டு என்கிறது. அந்த 13ஐ நான் நம்பவில்லை, செல் அலமாரியில் சும்மா இருப்பதற்கே தயாரிப்பாளர்கள் தரும் உறுதி பத்தாண்டு அளவுதான். பழையசீவரத்துக் கிணற்றுக்கு நான் எழுதித் தருவது இது: மணிக்கு ஒரு செய்தி, ஐந்தாம் ஆண்டில் செல் மாற்றம், முதல் கோடை முடிந்ததும் பலகையைக் கழற்றி உறக்க மின்னோட்டத்தை மறுபடி ஓர் அளவு.