பார்க்காத கணுக்களை எண்ணுதல்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மென்பொருள் வேலைக்கான நேர்முகத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவோர் விரும்பி எடுக்கும் கணக்குகளில் லீட்கோட்டின் 222ஆம் கணக்கும் ஒன்று. ஒரு பூரண துவித மரத்தைத் தந்து, ஒவ்வொரு கணுவையும் தொடாமல் அதில் எத்தனை கணுக்கள் உண்டென்று அது கேட்கிறது. தரவின் வடிவத்தைப் பயன்படுத்தப் பழக்குகிறது என்பது இதற்காகச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

படிமுறை சரியானது, அழகானதும்கூட. இடதுபுறமாகவே இறங்கினால் எத்தனை மட்டம், வலதுபுறமாகவே இறங்கினால் எத்தனை மட்டம் என்று பார்க்கிறோம். இரண்டும் சமமானால் மரம் முழுதும் நிரம்பியது. விடை சூத்திரத்திலேயே கிடைத்துவிடும். சமமில்லையென்றால் இரு கிளைகளிலும் அதையே திரும்பச் செய்கிறோம்.

```python
def count(root):
    l = r = 0
    a = b = root
    while a:
        l += 1
        a = a.left
    while b:
        r += 1
        b = b.right
    if l == r:
        return 2**l - 1
    return 1 + count(root.left) + count(root.right)
```

இரு கிளைகளில் ஒன்று எப்போதும் நிரம்பியதாக இருப்பதால் வேலை மட்டங்களின் வர்க்கத்தோடு நின்றுவிடுகிறது. பத்து லட்சம் கணுக்களுள்ள மரத்தில் 20 மட்டங்கள்தான்; ஆயிரத்துக்கும் குறைந்த அடிகளில் விடை வந்துவிடும். இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? மரம் பூரணமானது என்ற வாக்குறுதியிலிருந்து. அந்த வாக்குறுதி பொய்த்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. 12 கணுக்களுள்ள மரம் ஒன்றை மட்டம் மட்டமாக, இடமிருந்து வலமாக இலக்கமிட்டு வரைந்து பாருங்கள். வேரில் இடது ஆழம் 4, வலது ஆழம் 3. இடக்கிளையின் தலை 2ஆம் கணு. அங்கிருந்து இடதாக 2, 4, 8. வலதாக 2, 5, 11. இரண்டும் மூன்று மட்டம், ஆகவே 7 கணுக்கள். வலக்கிளையில் 3, 6, 7, 12 என 4. வேரையும் சேர்த்தால் 12. சரி. இப்போது 9, 10 இரண்டையும் வெட்டிவிடுங்கள். 2ஆம் கணுவிலிருந்து இறங்கும் இரு பாதைகளும் அவற்றைத் தொடவே இல்லை. மரத்தில் 10 கணுக்களே இருக்க, நிரல் மறுபடியும் 12 என்கிறது. பிழைச் செய்தி இல்லை, தடுமாற்றம் இல்லை. மரம் உண்மையில் பூரணமா என்று உறுதிப்படுத்த வேண்டுமானால் எல்லாக் கணுக்களையும் பார்த்தாக வேண்டும். அதைச் செய்தால் மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் போய்விடும்.

"கணக்கிலேயே உத்தரவாதம் தரப்பட்டிருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். அந்த உத்தரவாதத்தைத் தருபவர் யார் என்பதுதான் என் நெடுநாள் கேள்வி. பூரண மரத்தில் புதிய கணுவைச் சேர்க்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. அந்த இடத்தை அறிய இப்போதைய எண்ணிக்கை வேண்டும். 12 இருந்தால் அடுத்தது 13. துவித எண்ணில் 1101. முதல் 1ஐ விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்தால் வலம், இடம், வலம்: 3, 6, 13. ஆக, மரத்தைப் பூரணமாக வைத்திருப்பவரிடம் எண்ணிக்கை ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதே படிமுறையால் எண்ணியும் இடம் தேடலாம் என்று வாதிடலாம். ஓர் எண்ணைச் சேமித்து, சேர்க்கும்போது ஒன்று கூட்டுவதைத் தவிர்க்க எவரும் அப்படிச் செய்யமாட்டார்.

1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் ஹீப்பை அறிமுகப்படுத்தியபோதே அதை அணியில்தான் வைத்தார். பூரண மரத்தின் இயல்பான இருப்பிடம் அதுதான். அங்கே எண்ணிக்கை என்பது அணியின் நீளம். லீட்கோட்டிலும் உள்ளீடு `[1,2,3,4,5,6]` என்று பட்டியலாகவே வருகிறது. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டு மரத்தைக் கட்டியபின், தொடாமல் எண்ணச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கின் உச்ச வரம்பு 50,000 கணுக்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாலும் கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை.

வடிவத்தைப் பயன்படுத்துவது வேறு, வடிவத்தை விசாரிக்காமல் நம்புவது வேறு. இந்தக் கணக்கு இரண்டாவதைத்தான் பழக்குகிறது. வேறொருவர் எழுதிய தரவோடு நாள்தோறும் வேலை செய்யப்போகும் பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை.

இதைக் கற்பிப்போரிடம் ஒரு வேண்டுகோள். 222ஐக் கைவிட வேண்டாம். மாணவர் நிரலை எழுதி முடித்ததும், 9உம் 10உம் இல்லாத அந்த மரத்தைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பிறகு, எண்ணிக்கையை முதலிலேயே எங்கே வைத்திருக்கலாம் என்று கேளுங்கள். மதிப்பெண்ணை அந்த விடைக்குக் கொடுங்கள்.