உச்சி நிச்சயம் உண்டு

மூடிய இடைவெளி [a, b]-யில் தொடர்ச்சியான சார்பு f தன் பெரும மதிப்பை எங்காவது எட்டியே தீரும். இந்த நிரூபணத்தின் அழகே, அந்த இடத்தை யாரும் நேரே தேடுவதில்லை என்பதுதான்.

f வரம்பின்றி ஏறுவதாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு n-க்கும் f(xₙ) > n ஆகும் ஒரு xₙ கிடைக்கும். இவை [a, b]-க்குள் அடைபட்டவை. எனவே போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றப்படி, இவற்றின் ஓர் உட்தொடர் ஏதோ ஒரு c-ஐ நெருங்கும். முனைகளும் உள்ளே இருப்பதால் c வெளியே நழுவாது. தொடர்ச்சியால் f மதிப்புகள் f(c)-ஐ நெருங்க வேண்டும்; அவையோ கட்டுக்கடங்காமல் ஏறுகின்றன. முரண்!

ஆக, மீச்சிறு மேல்வரம்பு M உண்டு. இப்போது f(xₙ) > M − 1/n ஆகும் புள்ளிகளை எடுத்து அதே வித்தையைத் திரும்பச் செய்தால் f(c) = M.

முனைகளை வெட்டினால்? (0, 1)-இல் f(x) = x-க்கு M = 1; புள்ளிகள் நெருங்கும் 1 இடைவெளியிலேயே இல்லை.

மூடிய இடைவெளியிலும், c எங்கே என்று இந்த நிரூபணம் சொல்லாது.